ஈசானிய மூலையில் போர், சுவருக்கு அப்பால் செப்டிக் டேங்க்

புதிதாக வாங்கிய மனையில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே போர் போட்டுவிடுவார்கள். சிமென்ட் குழைக்க, செங்கல் நனைக்க, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டுமே! நீரோட்டம் பார்ப்பவர் வருவார். வாஸ்து கேட்பார்கள். ரிக் வண்டி திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மனையில் ஓர் இடம் முடிவாகிவிடும். செப்டிக் டேங்க் பற்றிய பேச்சு, வீடு பாதி எழுந்து கழிப்பறைக் குழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்வி வரும்போதுதான் எழும். அதற்குள் போரின் இடத்தை மாற்ற முடியாது. மிச்சமிருக்கும் மூலைதான் செப்டிக் டேங்குக்கு.

அப்போதும் வீட்டுக்காரர் சும்மா இருப்பதில்லை. டேப் பிடித்து, தன் போருக்கும் தன் செப்டிக் டேங்குக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்து பார்த்துத் திருப்தி அடைகிறார். அளவு சரிதான். ஆனால் அளக்க வேண்டிய இன்னொரு தூரம் மதில் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் புறநகர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்கில் 30 அடி, தெற்கு வடக்கில் 40 அடி, மொத்தம் 1,200 சதுர அடி. தெற்கே சாலை. இதே அளவில் வரிசையாகப் பத்து மனைகள். வாஸ்து பார்ப்பவர்கள் கிணறோ போரோ வடகிழக்கில், அதாவது ஈசானிய மூலையில் வர வேண்டும் என்பார்கள். செப்டிக் டேங்குக்கு வடமேற்கான வாயு மூலையைக் காட்டுவார்கள். பத்து வீட்டுக்காரர்களும் அப்படியே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டின் போர் கிழக்குச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது. அதே வீட்டின் கழிவுக் குழி மேற்குச் சுவரிலிருந்து 2 அடி தள்ளித் தொடங்கும் நான்கடி விட்ட உறை. இரண்டுக்கும் இடையே 21 அடி. வீட்டுக்காரர் அளந்து பார்த்தது இதைத்தான். இப்போது கிழக்கு வீட்டுக்குப் போவோம். அந்த வீட்டின் வாயு மூலை, இந்த வீட்டின் ஈசானிய மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சுவருக்கு இந்தப்பக்கம் 3 அடியில் போர், அந்தப்பக்கம் 2 அடியில் கழிவுக் குழி. நடுவே 5 அடிதான். இந்த வீட்டின் குழியும் அதே கணக்கில் மேற்கு வீட்டுப் போரிலிருந்து 5 அடியில் இருக்கிறது. வரிசை முழுவதும் இப்படித்தான் போகும். ஒவ்வொருவரும் தனித்தனியாக விதியைக் கடைப்பிடித்திருக்கிறார்கள், ஆனால் யாருடைய தண்ணீருக்கும் பாதுகாப்பு இல்லை.

சரி, எத்தனை அடி இருக்க வேண்டும்? செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் இறக்கும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், ஏறத்தாழ 60 அடி, தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470. நம் 1,200 சதுர அடி மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே அளந்தாலே 50 அடிதான். அதாவது இந்த மனைக்குள் எந்த இரண்டு இடத்தைத் தேர்ந்தாலும் 60 அடி கிடைக்காது. வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும் கேரளத்தில் கட்டட விதிகள் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே 7.5 மீட்டர், சுமார் 25 அடி, கேட்கின்றன. உறிஞ்சு குழிக் கழிப்பறைக்கான இன்னொரு இந்தியத் தரம், ஐ.எஸ். 12314, சில நிபந்தனைகளோடு 3 மீட்டர்கூடப் போதும் என்கிறது.

ஒரே நாட்டில் ஏன் இத்தனை வேறுபாடு என்று வாசகருக்குத் தோன்றலாம். காரணம் அந்த நிபந்தனைகளில் இருக்கிறது. மண் நுண்ணியதாக இருக்க வேண்டும். குழியின் அடிப்பாகம், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அதிகபட்சமாக ஏறும் மட்டத்துக்கும் மேலே குறைந்தது 2 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் கழிவுநீர் ஈரமில்லாத நுண்மண்ணின் வழியே மெதுவாகக் கசியும். கிருமிகள் மண்ணிலேயே பிடிபட்டு, அங்கேயே மடியும். குழியின் அடி நீர்மட்டத்துக்குள் மூழ்கினால் அதே தரம் 10 மீட்டர் கேட்கிறது. மண் பருமணலாக இருந்தால் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் நிரப்பச் சொல்கிறது.

அடிக்கணக்கைவிட நாள்கணக்குதான் உண்மையில் முக்கியம். கழிவுநீரோடு போகும் நோய்க்கிருமிகள் நிலத்தடியில் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும். குடிநீர் ஊற்றைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை வகுக்கும்போது, நிலத்தடி நீர் ஊற்றை வந்தடைய 50 நாளாவது பிடிக்கும் தூரத்தை ஜெர்மனி போன்ற நாடுகள் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அந்த 50 நாளில் தண்ணீர் எவ்வளவு தூரம் போகும்? நூறடிக்கு ஓரடி சரிவில் நிலத்தடி நீர் ஓடுவதாகக் கொண்டால், நுண்மணலில் அது நாளைக்கு 20 சென்டிமீட்டர் அளவில் நகரலாம். 50 நாளில் 10 மீட்டர். அதே சரிவில் பருமணலில் நாளைக்கு 2 மீட்டர் போகலாம். அங்கே தரம் சொல்லும் 18 மீட்டரை அது ஒன்பதே நாளில் கடந்துவிடும். போதாக்குறைக்கு மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் இறங்கி, சுற்றுப்புற நீர் இன்னும் வேகமாக அதை நோக்கி இழுபடும்.

பாறை நிலத்தில் இந்தக் கணக்கும் எடுபடாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை. அதில் தண்ணீர் வெடிப்புகளின் வழியேதான் ஓடுகிறது. மணலைப் போல வடிகட்ட அங்கே எதுவும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை இன்னும் கடினம். செம்மண் படலத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, அதற்குள் நீர் கரைத்து உண்டாக்கிய துவாரங்களும் பாதைகளும். மலக்குழியிலிருந்து இறங்கியது எந்த வழியாகப் போய் யாருடைய கிணற்றில் சேரும் என்பதை மேலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அங்குள்ள கிணறுகளில் நைட்ரேட் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவருகிறார்கள். தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிகளும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று அழைக்கப்படுவதில் கணிசமானவை செப்டிக் டேங்கே அல்ல. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்ட குழிகள் அவை. உண்மையான செப்டிக் டேங்க் அடியும் பக்கமும் நீர் கசியாமல் பூசப்பட்ட தொட்டி. நடுவே தடுப்புச் சுவர் இருக்கும், கசடு அடியில் தங்கும், தெளிந்த நீர் மட்டும் தனியே ஓர் உறிஞ்சு குழிக்குப் போகும். அந்தத் தெளிந்த நீரிலும் கிருமிகள் ஏராளம். அதனால் கிணற்றிலிருந்து தூரம் அளக்கும்போது தொட்டியை மட்டும் பார்த்தால் போதாது, உறிஞ்சு குழியிலிருந்தும் அளக்க வேண்டும். அடித்தளமில்லாத உறைக்குழியோ நிறையாமலே பல ஆண்டு இருக்கும். ‘எங்கள் டேங்க் பத்து வருஷமாக நிறையவே இல்லை’ என்று சொல்பவர் வீட்டுக் கழிவு முழுவதும் அக்கம்பக்கத்து நிலத்தடி நீரில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மறுபடியும் நம் வரிசை வீடுகளுக்கு வருவோம். இந்தச் சிக்கலுக்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. எல்லோரும் கழிவுத் தொட்டியையும் உறிஞ்சு குழியையும் சாலைப் பக்கமாக, மனையின் முன்புறத்தில் வைத்துக்கொள்வது. கிணறும் போரும் பின்புறம். போரை ஈசானிய மூலையிலிருந்து நகர்த்த மனமில்லாதவர்கள் நகர்த்த வேண்டியதில்லை. குழியை மட்டும் முன்னால் கொண்டுவந்தால் போதும். கணக்கைப் பாருங்கள். வடக்குச் சுவரிலிருந்து 3 அடியில் போர், தெற்குச் சுவரிலிருந்து 2 அடியில் தொடங்கி 6 அடியில் முடியும் குழி, நடுவே 31 அடி. பக்கத்து வீட்டுக் குழியும் முன்புறம்தான் என்பதால் அதுவும் 31 அடிக்குக் குறையாது. 5 அடி இருந்த இடத்தில் ஆறு மடங்கு தூரம் கிடைத்துவிட்டது. பின்தெருக்காரர்களும் இதையே செய்தால் அவர்களுடைய போர்கள் நம் போர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும், குழிகள் வெகுதூரம் போய்விடும். கழிவு அள்ளும் லாரியின் குழாயும் சாலையிலிருந்தே எட்டும்.

நிலம் சாலையை நோக்கிச் சரிந்திருந்தால் இது மிகப் பொருத்தம். சாலை மேட்டிலும் பின்புறம் பள்ளத்திலும் இருந்தால் யோசிக்க வேண்டும், ஏனென்றால் மேலாக உள்ள நிலத்தடி நீர் பெரும்பாலும் தரையின் சாய்வை ஒட்டியே ஓடும். பக்கத்தில் குளமோ ஓடையோ இருந்தால் அந்தத் திசையே சாய்வைச் சொல்லிவிடும். கிணறு மேட்டுப்பக்கம், குழி பள்ளப்பக்கம் என்பதுதான் முறை. மழைக்கால நீர்மட்டத்தை அறியக் கருவி எதுவும் வேண்டாம். கார்த்திகை மாதத்தில் அக்கம்பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தால் போதும். தரையிலிருந்து ஐந்தாறு அடியிலேயே தண்ணீர் தெரிந்தால் அந்த ஊரில் ஆழமான உறைக்குழியே கூடாது. அடியும் பக்கமும் அடைத்த தொட்டி கட்டி, லாரி வைத்து அள்ளுவதுதான் ஒரே வழி. கோடையில் மனை பார்த்துக் குழி தோண்டியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆனாலும் 31 அடி, 60 அடி ஆகிவிடாது. மீதித் தூரத்தை ஈடுகட்டுவது போரின் மேல்பகுதியை எப்படி அடைக்கிறோம் என்பது. நானூறு அடி ஆழத்திலிருந்து வரும் தண்ணீரைக் கழிவு என்ன செய்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். போர் ஆழமானதுதான். ஆனால் அதன் வாய் தரையில்தானே இருக்கிறது? மேல்மண்ணும் நொறுங்கிய பாறையும் சரியாமலிருக்க கேசிங் பைப் இறக்குகிறார்கள். துளைக்கும் பைப்புக்கும் இடையில் வளையமாக ஒரு சந்து இருக்கும். அதில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போவதே வழக்கமாகிவிட்டது. தரையோரக் கழிவு அந்தச் சந்து வழியே வழுக்கிக்கொண்டு இறங்கி, பைப்பின் அடி பாறையில் சரியாக உட்காராத இடத்தில் போருக்குள் நுழைகிறது. நிலத்துக்குள் 31 அடி கிடைமட்டமாக ஊர்ந்து வர வேண்டிய நீருக்கு இது குறுக்குவழி. கொஞ்சம் கூடுதல் தண்ணீர் கிடைக்கட்டும் என்று கேசிங்கின் மேல்பகுதியிலேயே ஓட்டை போட்டு இறக்குவதும் உண்டு. அது மேல்நீரை நேராக உள்ளே அழைப்பதாகும்.

இதைத் தடுக்க ரிக் வண்டி வருவதற்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். மேல்பகுதித் துளை, கேசிங்கின் வெளி விட்டத்தைவிட நான்கு அங்குலமாவது அகலமாக இருக்கட்டும். அப்போதுதான் சுற்றிலும் இரண்டு அங்குலச் சந்து கிடைக்கும். கேசிங் கடினப்பாறைக்குள் சில அடி இறங்கி இறுக வேண்டும். பிறகு அந்தச் சந்தில் ஒரு சிறு குழாயை அடிவரை விட்டு, சிமென்ட் பாலைக் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் தங்கி வெற்றிடம் விழும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் கரைத்தால் பால் சரியான பதத்தில் இருக்கும். ஆறு அங்குல கேசிங்கைப் பத்து அங்குலத் துளையில் இறக்கி, 20 அடிக்கு அடைப்பதாக இருந்தால் நிரப்ப வேண்டிய கொள்ளளவு சுமார் 200 லிட்டர். ஐந்தாறு மூட்டை சிமென்ட். முழுப் போருக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சிறு தொகை. இறுகுவதற்கு ஓர் இரவாவது விட்டு, மறுநாள் ஆழத் துளையைத் தொடர வேண்டும். ரிக் வண்டிக்காரர்கள் தயங்குவது காத்திருக்க வேண்டிய இந்த நேரத்துக்காகத்தான். வீட்டுக்காரர் வற்புறுத்திக் கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

கேசிங்கின் தலை தரைக்கு மேலே ஓரடியாவது நிற்க வேண்டும். வெள்ளம் ஏறும் பகுதியானால் வெள்ள மட்டத்துக்கும் மேலே. சுற்றிலும் வெளிப்புறம் சரியும் சிமென்ட் மேடை, தலைக்கு இறுக்கமான மூடி. கார் நிறுத்த இடைஞ்சல் என்று கேசிங்கைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்து, ஒரு பள்ளத்துக்குள் வைத்து மேலே பலகைக்கல் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. மழையில் அந்தப் பள்ளம் நிரம்பும்போது வாசல் அழுக்கு மொத்தமும் போருக்குள் போகிறது. திறந்த கிணற்றுக்கும் இதே தத்துவம்தான். மேலிருந்து 20 அடிவரை உறைகளின் இணைப்பைச் சிமென்ட்டால் பூசி அடைத்து, அடியிலிருந்து மட்டும் ஊற வைக்க வேண்டும். இரண்டரை அடி கைப்பிடிச் சுவர், சுற்றிலும் மூன்றடி அகலச் சிமென்ட் தளம், அதிலிருந்து நீர் வெளியேற வாய்க்கால்.

மேல் அடைப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து வாக்கர்டன் என்ற சிற்றூர் சாட்சி. அந்த ஊருக்குத் தண்ணீர் தந்த கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு 1978-இல் போடப்பட்டது. ஆழம் 15 மீட்டர், கேசிங் 5 மீட்டர் மட்டுமே. மேல்மண் மெலிந்த இடம், அடியில் வெடிப்புள்ள பாறை, பக்கத்தில் மாட்டுப் பண்ணை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனமழை கொட்டியது. நிலத்தில் இட்டிருந்த சாணத்திலிருந்து ஈ.கோலை கிருமி கிணற்றில் இறங்கியது. குளோரின் கலக்கும் பொறுப்பில் இருந்தவர்களும் கவனக்குறைவாக இருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள்; சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். பின்னர் நடந்த விசாரணை அந்தப் பண்ணைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் முறைப்படிதான் எருவிட்டிருந்தார். கிணறு அமைந்த இடமும் அதன் ஆழமற்ற கேசிங்கும் பெரிய பலவீனங்கள்.

ஏற்கெனவே வீடு கட்டி, போரும் குழியும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்துவிட்டவர்கள் என்ன செய்வது? முதலில் தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாற்றத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தெளிவாக, சுவையாக இருக்கும் தண்ணீரிலும் மலக்கிருமி இருக்கும். கருமை நிறம் காட்டும் எச்.டூ.எஸ். குப்பி என்ற எளிய சோதனை நம் நாட்டிலேயே 1980-களின் தொடக்கத்தில் உருவானது. குப்பியில் தண்ணீர் நிரப்பி அறை வெப்பத்தில் வைத்தால், ஒன்றிரண்டு நாளில் அது கறுத்துப்போனால் மலக்கலப்பு இருக்கலாம் என்று பொருள். உறுதி செய்ய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் போன்ற இடங்களில் கொடுக்கலாம். 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தரம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. வயலோ தோட்டமோ அருகில் இல்லாத வீட்டில் நைட்ரேட்டும் குளோரைடும் சேர்ந்து கூடியிருந்தால் கழிவுக் குழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் காலமும் முக்கியம். கோடையில் நல்ல முடிவு வந்த அதே கிணறு, ஐப்பசி மழை பெய்த மறுவாரம் கெட்டிருக்கும். மழை விட்ட ஓரிரு நாளில் போர் தண்ணீர் கலங்கி வந்தால், கேசிங் ஓரமாக மேல்நீர் இறங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

திறந்த கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும், 24 கிராம் போதும். ஆனால் கசிவு தொடரும்வரை இது ஒரு நாள் மருந்துதான். நைட்ரேட்டை பிளீச்சிங் பவுடர் ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் நீர் வற்றி, நைட்ரேட் இன்னும் செறிவாகும். நிலையான தீர்வு குழியில்தான் இருக்கிறது. உறைக்குழியின் கழிவை அள்ளி, அடியில் கான்கிரீட் தளம் போட்டு, பக்கங்களைப் பூசித் தொட்டியாக்க வேண்டும். வழிந்தோடும் நீரைத் தூரத்து உறிஞ்சு குழிக்கோ பாதாளச் சாக்கடைக்கோ திருப்ப வேண்டும். அதற்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு அள்ளியே ஆக வேண்டும். வற்றிப்போன பழைய போருக்குள் கழிவுநீரையோ வாசல் மழைநீரையோ விடுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. மண் வடிகட்டுவதற்கு வாய்ப்பே தராமல், தெரு முழுவதும் குடிக்கும் நீரில் அது நேராகக் கலந்துவிடும்.

புது மனைக்கு ரிக் வண்டியை அழைப்பதற்கு முன், ஒரு தாளில் தன் மனையையும் சுற்றியுள்ள நான்கைந்து மனைகளையும் வரைந்து, அவற்றின் போர், கிணறு, கழிவுக் குழி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தால் அதன் உரிமையாளரிடமும், குழியை எந்தப் பக்கம் வைக்கப்போகிறார் என்று இப்போதே பேசிவிடுங்கள். வீடு எழும்பிய பின் அந்தப் பேச்சால் பயன் இருக்காது.